டிக்டிக் சத்தத்துக்கு செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொன்னால் உஷார்

சாவியைத் திருப்பினால் ‘டிக்டிக்டிக்டிக்’ என்று விடாமல் சத்தம். மீட்டர் விளக்குகள் மங்கித் துடிக்கின்றன, இன்ஜின் சுற்றவே இல்லை. இப்படிப் பட்டறைக்குப் போன ஒரு சின்ன பெட்ரோல் காருக்கு ‘செல்ஃப் மோட்டார் போச்சு’ என்று சொல்லி, ரீகண்டிஷன் மோட்டாரை மாட்டி, கூலியோடு 6,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். நாலாம் நாள் காலையில் அதே டிக்டிக். திரும்பப் போய்க் கேட்டால், ‘மோட்டார் நல்லாத்தான் சார் இருக்கு, இது வேற கம்ப்ளெயின்ட்’ என்று பதில்.

அதில் பாதி உண்மை. மாட்டிய மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. கழற்றிய மோட்டாரும் நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் கார் பட்டறைக்கு எப்படிப் போனது என்று கேட்டாலே விஷயம் புரிந்துவிடும். பட்டறைப் பையன் வந்து, வேறொரு பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டதும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. கெட்டுப்போன மோட்டார் அப்படிச் சுறுசுறுப்பாகச் சுற்றாது. மோட்டார் நல்லது என்பதற்கான சாட்சியைத் தங்கள் கையாலேயே காட்டிவிட்டு, அதற்கே பில் போட்டிருக்கிறார்கள்.

டிக்டிக் எப்படி வருகிறது? மோட்டார் தலையில் இருக்கும் மின்காந்த சுவிட்சான சொலினாய்டு முதலில் இழுத்து, உள்ளே செம்புக் காண்டாக்டைச் சேர்க்கிறது. அந்த நொடியில் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். பேட்டரியில் சரக்கு இல்லையென்றால் வோல்டேஜ் பாதிக்கும் கீழே சரியும். சொலினாய்டைப் பிடித்து வைக்கக்கூட அது போதாது, விட்டுவிடுகிறது. விட்டதும் பாரம் குறைந்து வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. நொடிக்குப் பல முறை இது நடப்பதுதான் அந்தச் சத்தம். ஆக, வேகமான டிக்டிக் என்றால் சொலினாய்டு வேலை செய்கிறது, கரண்டுதான் வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

வந்து சேராததற்குக் காரணம் பேட்டரியாகவும் இருக்கலாம், டெர்மினலில் பூத்த வெள்ளை உப்பாகவும் இருக்கலாம். அதனால் புது பேட்டரி வாங்கவும் அவசரப்பட வேண்டாம். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. பிறகு ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, மீட்டர் முனைகளைக் கேபிள் கிளாம்பில் வைக்காமல் பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வைத்துப் பாருங்கள். நல்ல பேட்டரி நம்மூர் வெப்பத்தில் 9.6-க்குக் கீழே இறங்காது. குமிழில் 12 அசையாமல் நிற்க, விளக்கு மட்டும் மங்கினால் கோளாறு கிளாம்பில் அல்லது எர்த் கேபிளில். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினால் வேலை முடிந்தது.

மேலே சொன்ன காரில் காலையில் 11.9 இருந்தது. முழுக்க சார்ஜ் ஏற்றி 12.6 ஆன பிறகும், ஹெட்லைட்டைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு செல்ஃப் அடித்தால் 7-க்கு விழுந்தது. இன்ஜின் ஓடும்போது 14.1, அதாவது ஆல்டர்னேட்டர் சரியாகவே சார்ஜ் ஏற்றுகிறது. பேட்டரிதான் சார்ஜைப் பிடித்து வைக்கவில்லை.

அப்படியென்றால் மோட்டார் மாற்றியதும் மூன்று நாள் எப்படி ஓடியது? மோட்டாரைக் கழற்றிய இரவு பேட்டரியைச் சார்ஜில் போட்டிருக்கிறார்கள். அன்று வைப்பர் பிளேடை மாற்றியிருந்தாலும் கார் ஸ்டார்ட் ஆகியிருக்கும். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த பேட்டரி இலவசமாக மாற்றித் தரும் வாரண்டிக் காலத்துக்குள்ளேயே இருந்தது. கார்டை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

மோட்டார் உண்மையிலேயே போனால் அறிகுறி வேறு. ஹெட்லைட் பளிச்சென்று எரியும், சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு ‘டக்’, அதன் பிறகு அமைதி, விளக்கும் மங்காது. சொலினாய்டு காண்டாக்ட் கருகியிருக்கலாம், மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். கார்பன் மாற்றுவது முழு மோட்டாரை விட மிக மலிவு, அதையும் கேட்டுப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, சுழலும் பாகமான ஆர்மேச்சர் உரசினாலும், உள்ளே ஷார்ட் ஆனாலும் மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்டை இழுத்து விளக்கை மங்க வைக்கும். ஆனால் அப்போது நல்ல பேட்டரியோடு ஜம்பர் போட்டாலும் முக்கி முக்கித்தான் சுற்றும், கேபிள் தொட்டால் சுடும். இன்ஜினே இறுகியிருந்தாலும் இதே மாதிரி இருக்கும் என்பதால், முதலில் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

அப்படியும் மோட்டார்தான் என்று முடிவானால், கழற்றியதை வைஸில் இறுக்கி, நல்ல பேட்டரியில் உங்கள் கண்ணெதிரே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய மோட்டாரைக் கையோடு வாங்கிக்கொண்டு பில்லுக்குப் பணம் கொடுங்கள். இந்தக் காரின் உரிமையாளர் கேட்டபோது அது ஏற்கெனவே வேறு வண்டிக்குப் போய்விட்டிருந்தது.