2,500 ரூபாய் மிச்சம் என்று சொல்லி என் கார் பாலிசியில் செய்யப்பட்ட மாற்றம்

சென்ற ஆண்டு என் காரின் காப்பீட்டைப் புதுப்பித்துத் தந்த முகவர், "கவரேஜ் எல்லாம் அதேதான் சார், 2,500 ரூபாய் குறைச்சு வாங்கியிருக்கேன்" என்றார். நானும் பாலிசியைத் திறந்து பார்க்காமல் பணத்தைக் கட்டிவிட்டேன். எட்டு மாதம் கழித்து, சாலைத் தடுப்பில் உரசி முன்பக்க பம்பரும் ஹெட்லைட்டும் உடைந்தபோதுதான், வாலண்டரி டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க ஒப்புக்கொள்ளும் கழிவு, என்ற வரியில் 15,000 என்று அச்சிட்டிருந்ததைக் கண்டேன்.

பணிமனையின் பில் 23,000 ரூபாய். பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பெயின்ட்டுக்கும் தேய்மானமாக 5,000 கழித்தார்கள். எல்லாச் சிறிய கார்களுக்கும் உள்ள கட்டாயக் கழிவு 1,000. அதன்மேல் இந்த 15,000. எனக்கு வரவேண்டியதாக மிஞ்சியது வெறும் 2,000. அதை வாங்கினால், கிளெய்ம் கேட்காததற்காக மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும், அடுத்த புதுப்பிப்பில் அந்த இழப்பே 2,000 ரூபாயைத் தாண்டும் என்பதால், கிளெய்மைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழு பில்லையும் நானே கட்டினேன்.

விபத்தின் முதல் 15,000 ரூபாயை நாமே ஏற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்டால், அடிக்கடி வரும் சிறு கிளெய்ம்களும் அவற்றுக்கான சர்வேயர் செலவும் நிறுவனத்திற்கு இல்லாமல் போகின்றன. அதற்காகவே பிரீமியத்தைக் குறைக்கிறார்கள். ஆனால் அந்தத் தள்ளுபடி, நம் காரின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும்தான். பிறருக்கு நேரும் இழப்புக்கான மூன்றாம் நபர் பிரீமியத்தில் ஒரு ரூபாயும் குறையாது. தள்ளுபடிக்கு உச்சவரம்பும் உண்டு. பழைய மோட்டார் கட்டண விதிப்படி 7,500 ரூபாய்க் கழிவுக்கு 30 சதவீதம், அதிகபட்சம் 2,000. 15,000 ரூபாய்க் கழிவுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 2,500. என் ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000. அதில் 35 சதவீதம் 2,800 என்றாலும் கிடைத்தது 2,500தான்.

முகவர் சொல்லாமல் விட்ட கணக்கு இதில்தான் இருக்கிறது. 7,500இல் நிறுத்தியிருந்தாலே 2,000 மிச்சம். மேற்கொண்டு ஆண்டுக்கு 500 ரூபாய்க்காக நான் தலையில் ஏற்றிக்கொண்டது இன்னொரு 7,500 ரூபாய். பதினைந்து ஆண்டுகள் விபத்தே இல்லாமல் ஓட்டினால்தான் அந்த 500கள் சேர்ந்து அதை ஈடுகட்டும். நெரிசலான நகரத்தில் தினமும் ஓடும் காருக்கு அது நடக்கிற காரியமா?

ஓன் டேமேஜ் பிரீமியம் 3,000 அளவுக்கு இறங்கிவிட்ட பழைய காருக்கு இது இன்னும் மோசம். 35 சதவீதம் என்றாலும் கிடைப்பது 1,050, பொறுப்போ அதே 15,000. ஜீரோ டெப் என்ற கூடுதல் கவர் வைத்திருப்பவர்களும் ஏமாற வேண்டாம். அது தேய்மானத்தை மட்டுமே ஈடுசெய்யும், இந்தக் கழிவைத் தொடாது. கழிவு ஒவ்வொரு கிளெய்முக்கும் தனித்தனியாகப் பிடிக்கப்படும் என்பதையும் கவனியுங்கள். மாதத்தில் இரண்டு முறை மட்டும் வெளியே எடுக்கும் காரை வைத்துக்கொண்டு, சிறு கீறல்களுக்குக் கிளெய்மே கேட்காதவர், கையில் 15,000 தனியாக இருந்தால் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

புதுப்பிக்கும்போது பணம் கட்டுவதற்கு முன்பே கொட்டேஷனை வாங்கி, சென்ற ஆண்டுப் பாலிசியை அருகில் வைத்து அந்த ஒரு வரியை ஒப்பிட்டுப் பாருங்கள். என் பழைய பாலிசியில் அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தது.