ஃபியூச்சர்ஸ் நிரலில் ஆர்டருக்கு முந்தைய சரிபார்ப்பு: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

என் வர்த்தக நிரல் ஒவ்வொரு ஆர்டரையும் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புமுன் மார்ஜினையும் லீவரேஜ் வரம்பையும் சரிபார்க்கிறது. ஆண்டுக்கணக்கில் இது ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் காலத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: கையிருப்பு மார்ஜினை மட்டும் பார்ப்பது சரிபார்ப்பே ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டு. கிராஸ் மார்ஜின் கணக்கில் 10,000 இருக்கிறது. லீவரேஜ் 20 மடங்கு. ஏற்கெனவே 40,000 மதிப்புள்ள லாங் பொசிஷனும், நிறைவேறாமல் காத்திருக்கும் 8,000 மதிப்புள்ள வாங்கும் ஆர்டர்களும் உள்ளன. அவற்றுக்கு 2,400 மார்ஜின் போக, 7,600 மீதி. புதிதாக 5,000 மதிப்புக்கு வாங்க வெறும் 250 போதும். ஆனாலும் ஆர்டர் நிராகரிக்கப்படலாம். பல எக்ஸ்சேஞ்சுகள் பொசிஷன் பெருகப் பெருக லீவரேஜைக் குறைக்கும் அடுக்குகளை வைத்திருக்கின்றன. 20 மடங்குக்கான உச்சவரம்பு 50,000 என்றால், 53,000 அதைத் தாண்டிவிடுகிறது. பணம் தாராளமாக இருந்தும் ஆர்டர் திரும்பி வருவது இதனால்தான்.

ஆகவே என் நிரல் புதிய ஆர்டரைத் தனியாகப் பார்ப்பதில்லை. எல்லாம் நிறைவேறினால் கணக்கு எப்படி இருக்கும் என்று பார்க்கிறது.

```
after = position + open_same_side + new_order
ok = after <= cap[leverage] and after / leverage + fees <= equity * 0.8
```

வரம்பு இடித்தால் லீவரேஜை 10 ஆகக் குறைக்கலாம். அந்த அடுக்கின் உச்சவரம்பு பெரிது. ஆனால் மொத்த மார்ஜின் தேவை 2,650-லிருந்து 5,300 ஆகிவிடும். இந்த முடிவை நிரலிடம் விட எனக்கு மனமில்லை. அது நிறுத்தி அறிவிக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அடுக்குப் பட்டியலை நிரலுக்குள் எழுதி வைக்கக் கூடாது. சந்தை கொந்தளிக்கும்போது எக்ஸ்சேஞ்ச் அதை மாற்றும். நிரல் தொடங்கும்போதும் பிறகு அவ்வப்போதும் புதிதாக எடுக்க வேண்டும். இரண்டு உத்திகள் ஒரே கணக்கில் ஓடினால், இரண்டுமே அதே 7,600-ஐத் தனக்கென்று எண்ணிக்கொள்ளும். சரிபார்ப்பும் அனுப்புதலும் ஒரே பூட்டுக்குள் நடந்தால்தான் கணக்கு சரியாக நிற்கும்.

பொசிஷனை மூடும் ஆர்டரை இந்தச் சரிபார்ப்பு ஒருபோதும் தடுக்கக் கூடாது. நஷ்டம் ஏறி மார்ஜின் வற்றும் நேரத்தில்தான் வெளியேறுவது அவசரம். அப்போது பார்த்து "மார்ஜின் போதாது" என்று நிரலே கதவை அடைத்தால், மிச்சமிருப்பது கட்டாயக் கலைப்புதான். `reduceOnly` குறியுள்ள ஆர்டர்களை நேரே அனுப்பிவிடுகிறேன். அளவு கூடிப்போனாலும் எதிர்த்திசையில் புதிய பொசிஷன் திறக்காமல் அந்தக் குறியே பார்த்துக்கொள்ளும்.

ஆர்டர் நிறைவேறிய பின் விலை எதிராகப் பாய்ந்தால் இந்தச் சரிபார்ப்பு ஒன்றும் செய்யாது. பராமரிப்பு மார்ஜினைக் கண்காணிக்கத் தனி நிரல் வைத்திருக்கிறேன்.