கூடுதல் வேலைக்குப் பணம்: முன்பே சேஞ்ச் ஆர்டரா, கடைசி பில்லில் எக்ஸ்ட்ராவா?

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும்போது, கொட்டேஷனில் இல்லாத வேலை ஒன்றாவது வந்து சேர்ந்துவிடும். அதற்குப் பணம் கேட்க இரண்டு வழிகள் உண்டு. வேலையைத் தொடங்குமுன் சேஞ்ச் ஆர்டர் எழுதித் திருத்திய தொகைக்குக் கையெழுத்து வாங்கலாம். அல்லது எல்லாவற்றையும் குறித்துவைத்துக் கடைசி பில்லில் 'எக்ஸ்ட்ரா' என்று சேர்க்கலாம். இரண்டாவதையே பல ஆண்டுகள் செய்துவந்த நான் இப்போது முதலாவதற்கு மாறிவிட்டேன்.

கடைசி பில் முறையில் வேலை நிற்காது, நடுவில் பேரமும் இல்லை. அதன் கோளாறு, சுவருக்குள் மறைந்துபோகும் வேலையில்தான் தெரியும். ஒரு வீட்டில் துருப்பிடித்த ஜி.ஐ. பைப்பை மாற்றி, பூசி, டைல்ஸும் ஒட்டிய பிறகு பில்லை நீட்டினேன். "பைப்பு வேலையெல்லாம் உங்க ரேட்டிலேயே அடங்கும்னுதானே தம்பி நெனச்சோம்" என்றார் வீட்டுக்கார அம்மா. எத்தனை மீட்டர் ஓடியிருக்கிறது என்பதை டைல்ஸை உடைக்காமல் காட்ட வழியில்லை. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு. ஆனால் அளவை நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. பாதித் தொகையோடு திரும்பினேன்.

அடுத்த வீட்டிலும் அதே கதைதான். ஒப்பந்தம் வரி நீங்கலாக 6,40,000 ரூபாய். இம்முறை சுவரில் வெட்டிய காடியை மூடவில்லை. பைப் ஓட்டத்தின்மேல் டேப்பை வைத்துப் படமெடுத்து, அளவை வீட்டுக்காரர் முன்னிலையில் எழுதினேன். சிபிவிசி பைப்பும் மற்ற பொருள்களும் 14,600, கூலி 9,000, இடிபாடு அகற்ற 2,400, ஆக 26,000. மேற்செலவும் லாபமுமாக 15 சதவீதம் சேர்த்தால் 29,900. பழைய பைப்பின் ஜாயின்ட்களைச் சரிசெய்ய மூலக் கொட்டேஷனில் போட்டிருந்த 4,500 ரூபாய் இனித் தேவையில்லை என்பதால் அதைக் கழித்தேன்; பலரும் மறப்பது இதைத்தான், வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வருவதும் இங்கேதான். நிகரக் கூடுதல் 25,400. 18 சதவீத ஜிஎஸ்டியோடு 29,972. திருத்திய ஒப்பந்தத் தொகை வரி நீங்கலாக 6,65,400 என்றும், முடிக்கும் தேதி நான்கு நாள் தள்ளும் என்றும் அதே தாளில் எழுதினேன். நாளைக் குறிக்காவிட்டால் தாமதம் நம் தலையில் விழும்.

கையெழுத்துக்கு ஒன்றரை நாள் ஆனது. அதுவரை மேஸ்திரியை மாடிப் பூச்சுக்கு அனுப்பினேன். அப்படி மாற்றிவிட வேறு வேலை இல்லாத சின்ன இடத்தில் ஆள் சும்மா இருக்கும் கூலி நம்மைக் கடிக்கும் என்பது உண்மை. ஒரு சுவிட்ச் பாயின்ட் போன்ற சில்லறை வேலைக்கு நானும் வாட்ஸ்அப்பில் தொகையை அனுப்பி 'சரி' என்ற பதிலோடு நிறுத்திக்கொள்கிறேன். என் அனுபவம் தனி வீடுகளோடு சரி. ஆர்க்கிடெக்ட் வழியே நடக்கும் பெரிய வேலைகளில் யார் கையெழுத்து செல்லும் என்பதை அந்தந்த ஒப்பந்தத்தில்தான் பார்க்க வேண்டும்.