இலவசப் பதிப்பில் காணொளி: வாட்டர்மார்க்கைவிடத் தொல்லை தந்தது 720p

மென்பொருள் பயிற்சிக் காணொளிகள் தயாரிப்பது என் வேலை. கணினித் திரையைப் பதிவு செய்து, தலைப்பும் அம்புக்குறியும் சேர்த்து, பேச்சை ஒட்டி வெளியிடுவேன். சில ஆண்டுகளாக இதற்கு இலவசப் பதிப்புகளைத்தான் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். வாட்டர்மார்க்கைத் திட்டாதவர் இல்லை. ஆனால் எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது எக்ஸ்போர்ட் செய்யும்போது வரும் 720p என்ற பட அளவு வரம்புதான். வாட்டர்மார்க் உடனே கண்ணில் பட்டுவிடும். வரம்போ, பார்ப்பவர் "எழுத்து சரியாகத் தெரியவில்லையே" என்று கேட்கும்வரை வெளியில் வராது.

வாட்டர்மார்க்கிலும் வகை உண்டு. சில கருவிகள் எதைச் செய்தாலும் படத்தின் மேல் முத்திரை குத்திவிடும். சில, கடைசியில் தங்கள் சின்னத்தோடு ஒரு துண்டை ஒட்டிவிடும். டைம்லைனில் அதைத் தேர்ந்து நீக்கினால் வேலை முடிந்தது. மூன்றாவது வகை, கட்டணப் பொருள் ஏதாவது சேர்ந்திருந்தால் மட்டும் முத்திரை போடுவது. இதில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் நடைமுறை எனக்குப் பிடிக்கும். அதன் இலவசப் பதிப்பு 3840×2160 வரை, வினாடிக்கு 60 பிரேம்கள் வரை முத்திரையே இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்யும். இரைச்சல் குறைப்பு போன்ற கட்டணப் பதிப்புக்குரிய ஒன்றைச் சேர்த்தால், எடிட் செய்துகொண்டிருக்கும்போதே படத்தின் மேல் முத்திரை விழுந்துவிடும். அந்த எஃபெக்டை எடுத்தால் முத்திரையும் போய்விடும். நான் பயன்படுத்திய ஒரு கைபேசிச் செயலி இதற்கு நேர்மாறு. எழுத்துருவையும் எஃபெக்டையும் தாராளமாகச் சேர்க்கவிட்டு, எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்திய பிறகுதான் பணம் கேட்டது. எந்தப் பொருளுக்காகக் கேட்கிறது என்று ஒவ்வொரு கிளிப்பாகத் தேடவேண்டியிருந்தது.

முத்திரையை மறைக்க ஓரத்தை வெட்டுவதையும் மங்கலாக்குவதையும் பலர் செய்கிறார்கள். நிபந்தனைகளுக்கு அது பொருந்துமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். வெட்டிய படத்தைப் பெரிதாக்கி நிரப்பும்போது இருக்கிற தெளிவும் போய்விடும்.

இப்போது 720p விஷயம். திரைப்பதிவு 1920×1080 அளவில் இருக்கிறது, இலவசப் பதிப்பு 1280×720க்கு மேல் தராது என்று வைத்துக்கொள்வோம். அகலமும் உயரமும் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்குகின்றன. விரிதாளில் கட்டங்களைப் பிரிக்கும் கோடு பதிவில் ஒரு பிக்சல். சுருங்கியதும் அதற்குக் கிடைப்பது முக்கால் பிக்சல்கூட இல்லை. அப்படி ஒரு பிக்சல் கிடையாது என்பதால், பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து சாம்பல் கோடாகிவிடும். தமிழ் எழுத்துக்கு அடி இன்னும் பலமாக விழும். மெய்யெழுத்தின் புள்ளி மூன்று பிக்சல் என்றால் இரண்டாகிறது. இகர ஈகாரக் கொக்கிகளில் எது எது என்று ஊகிக்கவேண்டியிருக்கும். மனித முகம் இருக்கும் காணொளியில் இதே சுருக்கம் யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்த வரம்பைப் பலர் பொருட்படுத்துவதில்லை.

எனக்குப் பயன்பட்ட தீர்வு எளிமையானது: பதிவு செய்வதற்கு முன்பே திரையின் பெரிதாக்கத்தை 150 சதவீதமாக வைத்துவிடுவேன். ஒன்றரை மடங்கு பெரிதான எழுத்து, மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும்போது பழைய அளவுக்கே வந்து நிற்கும். திரையில் இடம் குறையும். ஒரே சமயத்தில் குறைவான நெடுவரிசைகளே தெரியும். இன்னொரு வழியும் உண்டு. டைம்லைனையே 1280×720 ஆக வைத்து, பதிவைச் சுருக்காமல் முழு அளவில் போட்டு, தேவையான பகுதியை மட்டும் சட்டத்துக்குள் நகர்த்துவது. சுருக்கமே இல்லாததால் கோடுகள் கூர்மையாக இருக்கும். மெனு மேலே, முடிவு கீழே என்று இரண்டையும் சேர்த்துக் காட்டவேண்டிய பாடத்துக்கு இது உதவாது.

நிறத்தையும் கவனிக்கவேண்டும். வழக்கமான எம்பி4 கோப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்ச அளவு பதிவாகும். நிறமோ நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். ஆகவே 1280×720 காணொளியில் நிறத்தின் உண்மையான தெளிவு 640×360 மட்டுமே. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து பிசிறடிப்பதன் காரணம் இதுதான். வெள்ளை எழுத்தும் கறுப்பு விளிம்புமாகப் போட்டால், வேறுபாடு வெளிச்சத்தில் இருப்பதால் எழுத்து பிழைத்துக்கொள்ளும்.

வடிவமைப்புக் கருவிகளில் இதற்கு இணையான பூட்டு, பின்னணி இல்லாத பிஎன்ஜி. தலைப்பையும் அம்புக்குறியையும் அழகாகச் செய்துவிடலாம். பதிவிறக்கும்போது பின்னணியை நீக்கும் தெரிவு மட்டும் கட்டணத் திட்டத்தில் இருக்கும். எடிட்டரில் கலப்பு முறை இருந்தால் இதைச் சமாளிக்கலாம். என் திரைப்பதிவுகள் பெரும்பாலும் வெள்ளையாக இருப்பதால், அம்புக்குறியை வெள்ளைப் பின்னணியில் அடர் சிவப்பாக வரைந்து, எடிட்டரில் மேல் ட்ராக்கில் வைத்து, கலப்பு முறையை மல்ட்டிப்ளை என்று மாற்றுகிறேன். வெள்ளை மறைந்து அம்புக்குறி மட்டும் நிற்கும். இருண்ட காட்சியின் மேல் வெள்ளைத் தலைப்பு வேண்டுமென்றால் கறுப்புப் பின்னணியும் ஸ்க்ரீன் முறையும். கறுப்பு துல்லியமாக #000000 ஆக இருக்கவேண்டும். அடர் சாம்பலாக இருந்தால் காட்சி முழுவதும் மெல்லிய மூட்டம் படரும். ஜேபெக்கில் எடுத்தாலும் எழுத்தைச் சுற்றி அழுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் பிஎன்ஜியிலேயே எடுப்பது நல்லது. பல நிறச் சின்னத்துக்கு இந்த வித்தை பலிக்காது, அடியிலுள்ள நிறம் கலந்துவிடும். அதற்கு கிம்ப் என்ற பட எடிட்டரில் திறந்து பின்னணியைத் தனியாக நீக்குகிறேன்.

புதிய கருவி எதையும் இப்போது பத்து வினாடிக் காணொளியில்தான் சோதிக்கிறேன். அதில் சிறிய எழுத்து, ஒரு பிக்சல் கோடு, வேகமாக உருளும் பக்கம், எனக்கு வேண்டிய எழுத்துரு எல்லாம் இருக்கும். எக்ஸ்போர்ட் செய்த கோப்பை, எஃப்எஃப்எம்பெக் மென்பொருளோடு வரும் இந்தக் கட்டளையால் பார்ப்பேன்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=width,height,r_frame_rate,bit_rate -of default=nw=1 test.mp4
```

அகலம், உயரம், பிரேம் வேகம், பிட்ரேட் நான்கும் வந்துவிடும். 1080p என்று தெரிவு செய்திருந்தும் height=720 என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அளவு சரியாக இருந்து, உருளும் இடத்தில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் குறைவு பிட்ரேட்டில் இருக்கிறது. பிட்ரேட்டைக் கூட்ட இலவசப் பதிப்பில் இடமில்லையென்றால், உருட்டுவதற்குப் பதில் பக்கத்தை வெட்டி மாற்றினால் ஓரளவு தப்பிக்கலாம்.

தற்போது எடிட்டிங் முழுவதும் ரிசால்வில்தான். பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு அது கனமாக இருக்கும். அவர்களுக்கு ஷாட்கட்டையோ கேடென்லைவையோ சொல்வேன். இரண்டும் திறமூல மென்பொருள்கள், முத்திரையும் இல்லை, பூட்டிய எக்ஸ்போர்ட்டும் இல்லை. தலைப்பு அட்டைகளுக்கு மட்டும் இணையவழி வடிவமைப்புக் கருவியின் இலவசத் திட்டத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அதன் வார்ப்புருக்களுக்கு ஈடாக எனக்கு வேறொன்று கிடைக்கவில்லை.