டிரிப் ஷீட்டும் குதிக்கும் பெட்டியும்: ஐபோனில் இரண்டு வருட அனுபவம்

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். டிரிப் ஷீட்டை எல்லாம் முன்பு நோட்டில் எழுதினோம். இரண்டு வருடமாகப் போனில் ஒரு வெப் பக்கத்தைத் திறந்து அதில்தான் ஏற்றுகிறோம். லாரி நம்பர், எடை, வாடகை, அட்வான்ஸ், டீசல் என்று ஒரு டிரிப்புக்கு ஒன்பது பெட்டி. கையில் இருப்பது ஐபோன் 13.

முதல் நாளே ஒரு எரிச்சல். பெட்டியைத் தொட்டதும் பக்கம் முழுவதும் பெரிதாகிவிடும். பெட்டி இருக்கும் இடத்தை நோக்கி நகர்ந்து நிற்கும், வலது ஓரம் திரைக்கு வெளியே போய்விடும். டைப் செய்து கீபோர்டை மூடினாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. அடுத்த பெட்டி எங்கே என்று விரலால் தள்ளித் தேட வேண்டும், இல்லையென்றால் இரண்டு விரலால் கிள்ளிச் சுருக்க வேண்டும். நாள் முழுக்க இதே வேலை. ஒருமுறை வலது ஓரத்திலிருந்த அட்வான்ஸ் பெட்டி கண்ணில் படாமல் போக, டிரைவருக்குக் கொடுத்த 5,000 ரூபாயை ஏற்றாமலே சேவ் செய்துவிட்டேன். மாதக் கடைசியில் அந்த டிரைவரோடு அரைமணி நேரம் வாக்குவாதம்.

சஃபாரி சரியில்லை என்று நினைத்துக் குரோம் போட்டுப் பார்த்தேன், அதிலும் அப்படியே. ஐபோனில் குரோமும் உள்ளுக்குள் சஃபாரியின் எஞ்சினில்தான் ஓடுகிறது என்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்து சீட் அண்ணனின் ஆண்ட்ராய்டு போனில் இந்தக் குதிப்பே இல்லை. பக்கத்தைச் செய்துகொடுத்த தம்பியிடம் சொன்னால், "என் கம்ப்யூட்டர்ல மொபைல் மோட்ல பாத்தேன், நல்லாத்தான இருக்குண்ணே" என்றான். அந்த மொபைல் மோட் திரையின் அளவு, தொடுதல் போன்றவற்றைத்தான் போலச் செய்கிறது, எஞ்சின் கம்ப்யூட்டர் குரோமுடையதே. அதில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. நேரில் கூப்பிட்டு என் போனைக் கையில் கொடுத்த பிறகுதான் நம்பினான்.

காரணம் சின்னது. டைப் செய்யும் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால், படிக்கச் சிரமப்படுவோம் என்று ஐபோன் தானே அதை 16 அளவுக்குத் தெரியும்படி பெரிதாக்குகிறது. எங்கள் பெட்டிகளின் எழுத்து 14. பதினாறை பதினாலால் வகுத்தால் ஏறக்குறைய 1.14. பக்கம் அத்தனை மடங்கு பெருகும். என் போன் திரையின் அகலம் 390, பெருகியபின் தெரிவது 341 மட்டுமே. அட்வான்ஸ் பெட்டி ஒளிந்தது அந்த இடைவெளியில்தான்.

தம்பி முதலில் குறுக்கு வழியில் போனான். பக்கத்தின் தலைப்பகுதியில் இருக்கும் `viewport` குறிச்சொல்லில் `maximum-scale=1` என்று சேர்த்தான். என் போனில் குதிப்பு நின்றது. நான் ரொம்பவே மகிழ்ந்தேன், ஆனால் ஒரு நாள்தான். மறுநாள் காலையில் அண்ணன், "என்னப்பா, கிள்ளினா பெருசாக மாட்டேங்குது?" என்றார். அவருக்கு வெள்ளெழுத்து, பில் நம்பரைப் பெரிதாக்கித்தான் படிப்பார். ஐபோன் அந்த வரியைத் தானாகப் பெரிதாக்குவதற்கு மட்டும் தடையாக எடுத்துக்கொள்கிறது, விரலால் கிள்ளுவதை விட்டுவிடுகிறது. ஆண்ட்ராய்டு குரோம் கிள்ளுவதையே தடுத்துவிடுகிறது. என் தொல்லை தீர்ந்து அவர் தலையில் ஏறியது. உடனே எடுக்கச் சொன்னேன்.

எழுத்தைப் பெரிதாக்குவதுதான் சரியான வழி. ஆனால் அதிலும் ஒரு சுற்று. "பக்கம் முழுக்க 16 போட்டிருக்கேனே" என்றான் தம்பி. `body`-க்குக் கொடுக்கும் அளவு பெட்டிக்குள் இறங்காது, பெட்டிகளுக்கு பிரவுசரோ பக்கத்தின் வேறொரு விதியோ தனி அளவை வைத்திருக்கும். பெட்டிகளுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டும்:

```css
input, select, textarea {
  font-size: 16px;
}
```

இதைப் போட்டதும் எட்டு பெட்டிகள் அடங்கின. லாரி நம்பர் தேடும் பெட்டி மட்டும் குதித்துக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டியின் மேல் வலது கிளிக் செய்து Inspect, பிறகு Computed என்ற பகுதியில் `font-size` பார்த்தால் 14px. அதற்கு `form-control-sm` என்ற ஸ்டைல் வகுப்பு ஒட்டியிருந்தது. வகுப்புக்கு எழுதிய விதி பொதுவான `input` விதியை மீறிவிடும். வகுப்பை எடுத்ததும் அதுவும் நின்றது.

எட்டு மாதம் ஆகிறது. ஒன்பது பெட்டியையும் ஒரே மூச்சில் ஏற்றுகிறேன், கிள்ள வேண்டிய வேலை இல்லை. அண்ணன் பழையபடி பெரிதாக்கிப் படிக்கிறார். ஒரே குறை, எழுத்து பெருத்ததால் ஒரே வரிசையில் இருக்கும் எடை, வாடகைப் பெட்டிகளில் உள்ளே மங்கலாகத் தெரியும் குறிப்பு பாதியில் நறுக்கப்பட்டு "வாடகை (ரூ" என்று நிற்கிறது. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடச் சொல்லியிருக்கிறேன். தம்பி தீபாவளி முடியட்டும் என்கிறான்.