இரண்டு குழாய் போட்ட மதகு: ஏழு மாரிக்குப் பிறகு

போன கிழமை மச்சான் முறையான ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "மச்சான், வயலுக்குப் போற பாதையில மதகு ஒண்டு கட்டப் போறன். ரெண்டடிக் குழாய் ரெண்டு காணுமா, மூண்டு வாங்கவா?" "மூண்டு" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஏழு மாரியும் இடித்துக் கட்டிய ஒரு சுவரும் இருப்பதால், அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மதகு வெல்லாவெளிப் பக்கத்தில், படுவான்கரை வயல்களுக்கு நடுவே, ஒரு வடிச்சல் வாய்க்காலுக்கு மேலே இருக்கிறது. 2018ஆம் ஆண்டு சிறுபோக வெட்டு முடிந்ததும், அந்த வட்டையில் காணி உள்ளவர்கள் காசு சேர்த்துக் கட்டினோம். பாதையின் அகலம் 12 அடி. குழாயின் உள்விட்டம் 2 அடி, நீளம் 8 அடி. அப்படிப்பட்ட இரண்டு குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி 16 அடிக்கு இட்டு, இரண்டு முனையிலும் கருங்கல்லால் முகப்புச் சுவர் எழுப்பினோம். பற்றுச்சீட்டில் மதகுக்கான ஆங்கிலச் சொல்லான 'கல்வேட்' என்பதை 'கல்வெட்டு' என்று எழுதியிருந்தார்கள். அப்போது சிரித்தோம்; ஆனால் இடது சுவரில் லொறிச் சில்லுகள் உரசி உரசி எழுதியிருப்பதைப் பார்க்கும்போது அந்தப் பெயர் பொருந்தித்தான் வந்திருக்கிறது.

இரண்டு குழாய் போதும் என்று மேசன் சொன்ன கணக்கில் பிழை எதுவும் இல்லை. குழாயின் முனை சுவரின் வெளிமுகத்தோடு சமமாக நிற்க வேண்டும், சுவர் ஒவ்வொன்றும் 1 அடித் தடிப்பு, ஆகவே 16 அடியில் 2 அடி சுவருக்குப் போய் 14 அடி மிஞ்சும், பாதை 12 அடிதானே என்றார். காகிதத்தில் பக்கத்துக்கு ஓர் அடி மிச்சமும் காட்டினார். காகிதத்தில் இல்லாதது வளைவு. மதகைத் தாண்டியதும் பாதை இடப்பக்கம் திரும்புகிறது. அறுவடை இயந்திரத்தை ஏற்றிவரும் லொறி அந்த இடத்தில் திரும்பும்போது முன்சில்லு போன தடத்தில் பின்சில்லு போகாது. அது உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். அந்த உள்பக்கத்தில், வாய்க்கால் கீழே இறங்கிப் போகும் முனையில், எங்கள் சுவர் நிற்கிறது.

சுவரே கட்டாமல் மண்ணைச் சரிவாக விட்டிருந்தால் எவ்வளவு குழாய் வேண்டியிருக்கும் என்று பின்னாளில் நானே கணக்குப் பார்த்தேன். பாதையின் மேல்மட்டத்திலிருந்து குழாயின் உள்அடி வரை ஏறத்தாழ 4 அடி. ஓர் அடி உயரத்துக்கு ஒன்றரை அடி சரிவு விட்டால் பக்கத்துக்கு 6 அடி, இரண்டு பக்கத்துக்கும் 12 அடி, பாதையோடு சேர்த்து 24 அடி. சரியாக மூன்று குழாய். அந்த மூன்றைப் போட்டு, குழாயின் தலைக்கு மேல் அரையடி மட்டும் உயரும் குட்டைச் சுவர் கட்டியிருந்தால், சரிவுக்கு மிஞ்சும் உயரம் ஒன்றரை அடிதான். அதற்குப் பக்கத்துக்கு இரண்டேகால் அடி விட்டால் போதும். சுவர்த் தடிப்பையும் கழித்தாலும் 17 அடிக்கு மேல் பாதை கிடைத்திருக்கும், லொறியும் தாராளமாகத் திரும்பியிருக்கும். குழாயில் மிச்சம் பிடித்ததை உயர்ந்த சுவரின் கல்லிலும் சீமெந்திலும் செலவழித்தோம் என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கூட்டத்தில் நானும் தலையாட்டினேன். அதை மறைத்து எழுதினால் நியாயமாகாது.

சுவர் உயர்ந்ததால் வந்த கேடு உரசலோடு நிற்கவில்லை. உயர்ந்த சுவருக்குப் பின்னால் மண் நிரப்பும்போது, சாந்து இறுகி ஒரு கிழமைகூட ஆகாத சுவர் தள்ளுண்டுவிடும் என்ற பயத்தில், சுவரை ஒட்டிய மூன்றடி மண்ணை யாரும் சரியாக இடித்து இறுக்கவில்லை. முறைப்படி, ஈரப்பதமான கிரவல் மண்ணை அரையடி அரையடியாகக் குழாயின் இரண்டு பக்கமும் சமமாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் கைக்கட்டையால் இடித்து இறுக்கி, குழாய்த் தலைக்கு மேல் ஓர் அடி ஏறிய பிறகுதான் அதன்மேல் இயந்திரத்தை விட வேண்டும். எங்களுக்கோ பெக்கோவின் வாடகை மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. தோண்டிப் போட்டிருந்த வயல் களியையே கட்டி கட்டியாக அள்ளி ஒரு பக்கத்திலிருந்து தள்ளி மூடிவிட்டு, மேலே கிரவல் பரப்பி உருட்டினார்கள். அன்று மாலை பார்க்க அழகாகத்தான் இருந்தது.

களிக்கட்டிகளுக்கு இடையே இருக்கும் வெற்றிடம் மழை வரும் வரைதான் தாங்கும். முதல் மாரி கழிந்தபோது பாதையில் குழாய்க்கு இரு பக்கமும் இரண்டு பள்ளங்கள் விழுந்திருந்தன, நடுவில் குழாயிருந்த இடம் மட்டும் மாட்டு முதுகு போல உயர்ந்து நின்றது. குழாய் மேலெழுந்துவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அது அசையவே இல்லை, பக்கத்து மண்தான் இறங்கியிருந்தது. ஒவ்வொரு ஆண்டும் ஆவணியில் ஒரு பெட்டி கிரவல் கொண்டுவந்து பள்ளத்தை நிரப்புவோம். தையில் அது மறுபடி பள்ளமாகும். உரம் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி அந்த முதுகில் ஏறி இறங்கும்போது வரும் 'தடக் தடக்' சத்தம் என் வாடி வரைக்கும் கேட்கும். ஏழு ஆண்டாக எனக்கு எரிச்சல் தந்தது இந்தச் சத்தந்தான். மற்றவர்களுக்குக் கேட்பதேயில்லையாம்.

சத்தத்தோடு போயிருந்தாலும் பொறுத்திருக்கலாம். 2024 கார்த்திகை வெள்ளத்தில் மேற்பக்க வாய் சல்பீனியாவால் அடைபட்டு, வாய்க்கால் நீர் பாதையின் மட்டம் வரை ஏறி நின்றது. வெள்ளம் வடிந்த பிறகு கீழ்ப்பக்கச் சுவரைப் பார்த்தேன். குழாய்க்குள் சொட்டு நீர்தான் வந்துகொண்டிருந்தது, ஆனால் குழாய்க்கும் கல்லுக்கும் இடையே விரல் தடிப்பில் கலங்கல் நீர் ஓடிக்கொண்டிருந்தது. தெளிந்த நீர் கசிந்தால் சற்றுப் பொறுக்கலாம். கலங்கல் வந்தால் உள்ளே மண் கரைந்து போகிறது என்று அர்த்தம். இரண்டு நாளில் பாதையின் மேலே, சுவருக்குச் சற்று உள்ளே, எலி வளை போல ஒரு துளை திறந்தது. ஒரு தடியை விட்டுப் பார்த்தபோது முழங்கை ஆழத்துக்குத் தடையின்றி இறங்கியது. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் சுவர் மேல்முனையில் 3 அங்குலம் வெளியே சாய்ந்திருந்தது. பின்னால் வெற்றிடம், மேலே லொறிச் சில்லு, சுவரில் நீர் வடிய ஒரு துளைகூட வைக்கவில்லை. சாயாமல் வேறென்ன செய்யும்?

இந்த ஆண்டு சிறுபோகம் முடிந்ததும் அந்தச் சுவரை இடித்துத் திறந்தோம். அப்போதுதான் இந்த மதகில் நான் மனதாரப் புகழக்கூடிய ஒன்றைக் கண்டேன். அடியில் இட்ட கொங்கிரீட் படுக்கை, ஒரு வெடிப்பும் இல்லாமல், போட்டது போட்டபடி கிடந்தது.

அந்த வேலையை மேசன் உண்மையாகவே செய்திருந்தார். சேற்றைக் கெட்டி மண் தெரியும் வரை வெட்டி எடுத்து, ஒன்று மூன்று ஆறு கலவையில் 6 அங்குலத் தடிப்புக்குக் கொங்கிரீட் இட்டு, 16 அடிக்கு 2 அங்குலம் இறக்கம் கொடுத்து, கீழ்முனையிலிருந்து தொடங்கிக் குழாயின் அகன்ற வாய் மேல்நீரைப் பார்க்கும்படி வைத்தார். ஒரு குழாய் ஏறத்தாழ 800 கிலோ. பெக்கோவின் சங்கிலியில் தொங்கும்போது விரற்கடை நகர்த்துவதற்கும் மூன்று பேர் வேண்டியிருந்தது. வைத்த பின் இரண்டு பக்கமும் குழாயின் பாதி உயரத்துக்குக் கொங்கிரீட்டை அணைத்துக் கட்டினார். உருண்டையான குழாய் தட்டையான கெட்டித் தளத்தில் கிடந்தால் ஒரு கோட்டில் மட்டுமே தாங்கி நிற்கும். மேலே பாரம் ஏறும்போது உள்பக்கமாகத் தலையிலும் அடியிலும் நீளவாக்கில் வெடிக்கும். மடியில் வைத்தது போல அணைத்திருந்தால் அந்தப் பாரம் பரவிவிடும்.

வெடிப்புப் பார்ப்பதற்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். காலை வெயிலைக் கண்ணாடியில் வாங்கி ஒரு முனையிலிருந்து குழாய்க்குள் அடித்தேன், மகன் மறுமுனையில் குனிந்து பார்த்தான். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தது. ஒரு குழாய் அமிழ்ந்திருந்தால் அது பிறை போலக் குறைந்திருக்கும். பொருத்து வாயிலும் சாந்து உதிரவில்லை. சுவரும் மண்ணும் எங்களைக் கைவிட்ட ஏழு ஆண்டிலும் அந்தப் படுக்கை ஒரு நூல்கூட இறங்கவில்லை.

சுவரைத் திறந்திருந்த அந்த நாட்களில்தான் மூன்றாவது குழாயைச் சேர்க்க நல்ல வாய்ப்பு இருந்தது. புதிய படுக்கையைப் பழையதோடு கம்பி துளைத்துக் கட்டினால், ஒன்று இறங்கி ஒன்று நிற்கும் தொல்லையும் வராது. கூட்டத்தில் சொன்னேன். விதைப்பு உழவுக்கு இரண்டு கிழமைதான் இருக்கிறது, குழாய் வர நாளாகும், காசும் இல்லை என்றார்கள். சுவர் அதே இடத்தில், அடியில் இரண்டரை அடித் தடிப்போடு, நீர் வடியும் துளைகளோடு எழுந்தது. பின்னால் இந்த முறை கிரவலைத்தான் போட்டோம், அரையடிக்கு ஒரு தரம் இடித்தோம், நான் பக்கத்திலேயே நின்றேன். கல்லுக்கும் சீமெந்துக்கும் கூலிக்கும் போன காசில் மூன்றாவது குழாயை வாங்கி மிச்சமும் வைத்திருக்கலாம்.

படுக்கையை இவ்வளவு புகழ்ந்த பிறகு இந்த மதகு நல்ல மதகு என்று சொல்லத்தான் வேண்டும். ஏழு மாரிக்கு நீரைக் கடத்தியது, குழாய் வெடிக்கவில்லை, பாதை ஒரு நாளும் அறுந்து போகவில்லை. ஆனால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதுச் சுவர் கட்டிப் பதினொராம் நாள், நெல் ஏற்ற வந்த லொறி ஒன்று அதே மூலையில் பின்சில்லால் உரசிவிட்டுப் போயிருக்கிறது. கல்லில் கறுப்பாக ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் ஒட்டியிருக்கிறது.