கெடுவை மொத்தமாகத் தள்ளுவதா, வேலையை இரண்டாகப் பிரிப்பதா?

பாரிமுனையில் இருக்கும் ஒரு ஹார்டுவேர் மொத்த வியாபாரிக்கு பில்லிங், ஸ்டாக் மென்பொருள் செய்து தரும் வேலையை ஜனவரி முதல் வாரத்தில் ஆரம்பித்தோம். பெருங்குடியில் சின்ன ஆபீஸ், இந்த வேலைக்கு முழுநேரமாக இரண்டு பேர். மொத்தம் 120 ஆள் நாள் என்று கணக்கு போட்டு, வாரத்துக்கு 10 வீதம் பன்னிரண்டு வாரத் திட்டம். ஏப்ரல் 1 காலையில் கடையில் ஓட வேண்டும். (பொங்கல் வாரத்தையும் முழு வேலை வாரமாகப் போட்ட புத்திசாலி நான்தான்.)

பிப்ரவரி நடுவில், ஆறு வாரம் முடிந்திருந்தபோது உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 60 முடிந்திருக்க வேண்டிய இடத்தில் 42 தான் முடிந்திருந்தது. அதற்குள் ‘தம்பி, இது ஒண்ணு மட்டும்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தவை: மாதவரம் குடோனுக்குத் தனி ஸ்டாக், கடன் வரம்பு தாண்டினால் பில்லை நிறுத்துவது, விற்பனைப் பையன்களுக்கு ஃபோன் ஆப், இ-இன்வாய்ஸை, அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதிவதை, நேரடியாக இணைப்பது. எல்லாம் சேர்த்து 38 நாள். ஆக மீதி 116. கையில் ஆறு வாரம்.

எதிரில் நாலு வழிகள் இருந்தன. ஆள் கூட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புதிதாக வருபவருக்குச் சொல்லித்தர இருக்கும் இருவரில் ஒருவர் போவார். ஆறு வாரத்தில் அந்தச் செலவு திரும்பி வராது. ராத்திரி உட்காருவதும் அப்படித்தான். வியாழன் ராத்திரி எழுதியதைச் சனிக்கிழமை திருத்தினோம்.

மிச்சம் இரண்டு. ஒன்று, எல்லாவற்றையும் திரும்ப மதிப்பிட்டு ஒரே புதுத் தேதி சொல்வது. இன்னொன்று, ஏப்ரல் 1-ஐ அப்படியே வைத்துக்கொண்டு அன்றைக்கு எது இல்லாமல் கடை திறக்க முடியாதோ அதை மட்டும் கொடுப்பது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன், இப்போதும் அதன் பக்கம்தான். ஆனால் முதலாவதை ஒதுக்கியதற்குக் காரணம் கிளையன்ட் கோபித்துக்கொள்வார் என்பது இல்லை.

காரணம் ஒரு கணக்கு. எங்கள் உண்மையான வேகம் வாரத்துக்கு 7. மீதி 116-ஐ 7 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 17 வாரம். இங்கே பலர் ‘இனிமேல் வேகம் பிடித்துவிடுவோம்’ என்று 10 ஆல் வகுப்பார்கள். புதிதாகச் சேர்ந்த 38 நாளையும் அதே ஆட்கள்தான், அதே நப்பாசையோடுதான் மதிப்பிட்டோம். அதனால் 7-தான் அதற்கும் பொருந்தும். பொங்கல் வாரத்தைக் கழித்துவிட்டு வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாமா என்று யோசித்தேன். இனிமேலும் விடுமுறைகள் வரத்தான் போகின்றன, எனவே விட்டுவிட்டேன்.

சரி, 17 வாரம் என்று சொல்லிவிடலாமே? அங்கேதான் விஷயம். 38 நாள் வேலை ஆறு வாரத்தில் சேர்ந்தது என்றால் வாரத்துக்கு ஆறு நாளுக்குக் கொஞ்சம் மேல். நாங்கள் வாரம் 7 முடிக்கிறோம், 6 உள்ளே வருகிறது. கதவு இப்படியே திறந்திருந்தால் நிகரமாகக் குறைவது வாரத்துக்கு ஒன்றுகூட இல்லை. 17 வாரம் என்பது கதவை இன்றே சாத்தினால் மட்டும் உண்மை. மொத்தமாகத் தேதியைத் தள்ளும்போது கதவு சாத்தாது, இன்னும் அகலமாகத் திறக்கும். ‘எப்படியும் ஜூன் ஆகுதில்ல, இதையும் சேர்த்துடுங்க’ என்பார்கள். கேட்பவர் மேல் தப்பில்லை. இதற்கு முந்தைய ஒரு ப்ராஜெக்டில் நான் அப்படித்தான் எட்டு வாரம் தள்ளினேன். பிறகு இன்னும் இரண்டு முறை தள்ள வேண்டியிருந்தது. மூன்றாவது தேதியைச் சொன்னபோது அந்தப் பக்கத்தில் யாரும் குறித்துக்கொள்ளவே இல்லை.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு எண் எழுதுங்கள்: முழுதாக முடிந்தவற்றின் ஆரம்ப மதிப்பீட்டுக் கூட்டல், பட்டியலின் மொத்தக் கூட்டல். ‘முக்கால்வாசி முடிஞ்சுது’ என்பதற்குப் பூஜ்யம். நாலு வாரமாக இரண்டுக்கும் இடைவெளி சுருங்கவில்லை என்றால் எந்தத் தேதி சொன்னாலும் பொய்தான்.

பிரிக்கும் வழியில் கதவைச் சாத்த வேண்டியது ஆறே வாரத்துக்கு. அதைக் கேட்க முடிகிறது. கடைசி வாரம் சோதனைக்கும் பழைய ஸ்டாக்கை ஏற்றுவதற்கும் என்று ஒதுக்கினால் ஐந்து வாரம், 35 நாள். 116-ல் எந்த 35 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஏப்ரல் 1 எங்களுக்கு இங்கே உதவியது. ஜிஎஸ்டி விதிப்படி இன்வாய்ஸ் எண் ஒரு நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாக, திரும்ப வராமல் இருக்க வேண்டும். புது வரிசை தொடங்கும் அன்றே புது மென்பொருளுக்கு மாறுவதுதான் சுத்தம். எனவே இன்வாய்ஸ், வரி, ஆரம்ப ஸ்டாக், வரவு செலவு உள்ளே. ஃபோன் ஆப்பும் கடன் வரம்பும் வெளியே.

இ-இன்வாய்ஸ்தான் இடித்தது. ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டியவர்கள் ஜிஎஸ்டி பதிவுள்ள கடைக்காரருக்கு விற்கும்போது அது கட்டாயம், தள்ள முடியாது. நேரடி இணைப்புக்கு 12 நாள் ஆகும். அதற்குப் பதில், போர்ட்டல் ஏற்கும் வடிவத்தில் ஒரு ஃபைலை மட்டும் எங்கள் மென்பொருள் கொடுக்கும், கணக்குப்பிள்ளை அதை மொத்தமாக ஏற்றிக்கொள்வார் என்று நாலு நாளில் முடித்தோம். அந்த நாலு நாள் பிறகு தூக்கிப்போடப்பட்டது. பழைய கணக்கையும் புதியதையும் ஒப்பிட எழுதிய ரிப்போர்ட் இரண்டு நாள், அதுவும் அப்படியே. ஆறு நாள் தண்டம். இந்த வழியின் விலை இது, மறைக்க ஒன்றுமில்லை.

கடை முதலாளியிடம் இரண்டு தாள் கொண்டுபோனேன், ஒன்றில் ஏப்ரல் 1-க்கு வருபவை, இன்னொன்றில் ஜூலைக்கு வருபவை. “முதல் தாள்ல ஒண்ணு சேர்க்கணும்னா அதே எடைக்கு ஒண்ணை எடுங்க சார்” என்றேன். மூடைக்கு மூடை மாற்றுவது அவருக்குப் பழகிய வியாபாரம். அந்த ஆறு வாரத்தில் மூன்று கேட்டார். ஒன்றைத்தான் உள்ளே கொண்டுவந்தார், அதற்காக ஒரு ரிப்போர்ட்டை விட்டுக்கொடுத்தார். ஏப்ரல் 1 அன்று பில் போட்டார்கள். மாதவரம் ஸ்டாக் மட்டும் முதல் வாரம் ஒத்துப்போகவில்லை.

இரண்டாம் பகுதியில் நான் சறுக்கினேன். ஓடும் கடையிலிருந்து வரும் புகார்கள் ஒரு மாதத்துக்கு எங்கள் வேகத்தை ஐந்தாகக் குறைக்கும் என்று வைத்து ஜூலை முதல் வாரம் என்றிருந்தேன். புகார்கள் ஆறு வாரம் ஓடின, முடித்தது மூன்றாம் வாரத்தில். ஃபோன் ஆப்பை அவரே ‘இப்ப வேணாம்’ என்று எடுத்திருக்காவிட்டால் ஆகஸ்ட் ஆகியிருக்கும்.

பிரிப்பது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சம்பளக் கணக்கு மாதிரி பாதி கொடுத்தால் பயனே இல்லாத வேலையில் மொத்தமாகத் தள்ளத்தான் வேண்டும். அப்போதும் மாற்றுக்கு மாற்று விதியை முதலில் எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் தேதி சொல்வேன். மொத்தமாக ஒப்படைத்தால்தான் பணம் என்ற அரசு டெண்டர்களை நான் செய்ததில்லை. நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் இந்த வெள்ளிக்கிழமைக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வருமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.